கஸீமின் பெயருக்குக் கீழே

வேறு யாருக்கோ ஒரு சான்று தேடப் போன இடத்தில்தான் குவானிஷ் தன் தவறைக் கண்டான்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. காப்பகத்தின் பின்னறையில் கணப்பு சரியாக வேலை செய்யவில்லை. கோட்டைக் கழற்றாமலே பழைய கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தான். ஒரு மூதாட்டி கூட்டுப்பண்ணையில் எத்தனை ஆண்டு வேலை பார்த்தார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் ஊர்க் கட்டுக்குள் பக்கத்து ஊரின் பதிவேடு ஒன்றும் சேர்ந்து கட்டப்பட்டிருந்தது. 1940-ஆம் ஆண்டு. எந்தெந்த வீட்டில் யார் யார் என்று கிராம அலுவலகம் எழுதி வைத்தது. அந்தக் கால லத்தீன் எழுத்து.

புரட்டினான். தெரிந்த பெயர் வந்ததும் கை நின்றது.

குடும்பத் தலைவர் முசாபாய், வயது ஐம்பது. மனைவி. மகன் கஸீம், இருபத்தைந்து. கஸீமின் மனைவி. கடைசி வரியில் செயித்கலி, நான்கு வயது. உறவு: பேரன்.

குவானிஷ் அந்த வரியை மூன்று முறை படித்தான். பிறகு முன்னறைக்குப் போய், தான் தொகுத்த புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்து வந்து நூற்றுப் பதினாலாம் பக்கத்தைப் பிரித்தான். அதில் அவன் எழுதியிருந்தது இது: முசாபாய்க்கு மகன்கள் இருவர், கஸீம், செயித்கலி. கஸீம் போரில் இறந்தார். சந்ததி இல்லை.

தோலிபாய் வழியினரின் வம்சாவளி அது. மூன்று ஆண்டு வேலை. ஊர் ஊராகப் போய்ப் பெரியவர்களைக் கேட்டு, பதிவேடுகளோடு ஒப்பிட்டு எழுதியது. போன ஆகஸ்டில் முன்னோரான தோலிபாயின் நினைவு விருந்தில் நானூறு பிரதிகள் கொடுத்தார்கள். அதை எழுதச் சொன்ன வம்சாவளிக் குழுவின் தலைவர் ஒரின்பெக் மேடையில் நின்று பெற்றுக்கொண்டு, வேலை முடிந்தது என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அந்தக் காகிதம் குவானிஷின் மேசை இழுப்பறையில் இருந்தது.

மூத்த பிள்ளைக்கு முதலில் பிறக்கும் குழந்தையைத் தாத்தாவும் பாட்டியும் எடுத்துத் தங்கள் பிள்ளையாக வளர்ப்பார்கள். அது தாத்தாவை அப்பா என்று கூப்பிடும், பெற்ற அப்பாவை அண்ணன் என்று கூப்பிடும். அந்தப் பக்கத்தில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உண்டு. குவானிஷின் மாமன் மகனே அப்படி வளர்ந்தவன்தான். அப்படியிருந்தும் செயித்கலியிடம் அவன் கேட்டது ஒரே கேள்வி: "நீங்க யார் மகன்?" முசாபாய் மகன் என்றார் கிழவர். 1952-ஆம் ஆண்டுப் பதிவேட்டிலும் மகன் என்றே இருந்தது. இரண்டும் பொருந்தின. அதோடு விட்டுவிட்டான்.

தவறு ஒரு தலைமுறை. அந்த ஒரு தலைமுறையால் ஒரு கல்யாணம் நின்றுபோயிருந்தது.

ஒரே முன்னோர் வழியில் வந்தவர்கள் ஏழு தலைமுறைக்குள் கட்டிக்கொள்ளக் கூடாது. அந்த முன்னோர் இரண்டு பக்கமும் எட்டாவதாக வந்தால் கட்டலாம். செயித்கலியின் பேரன் அலிபிக்கும், தோலிபாயின் இன்னொரு கிளையில் வந்த தொல்கனாய்க்கும் போன வசந்தத்தில் நிச்சயமாகி, மாப்பிள்ளை வீட்டார் வந்து பெண்ணுக்குக் கம்மல் போட்டுவிட்டுப் போனார்கள். அப்போது எண்ணிச் சொன்னவர் செயித்கலிதான். "ரெண்டு பக்கமும் எட்டு. தாராளமா கட்டலாம்" என்றார். பிறகு விருந்தில் புத்தகம் வந்தது. தொல்கனாயின் பெரியப்பா ஜக்ஸிலிக் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து எண்ணினார். பெண் பக்கம் எட்டு. பையன் பக்கம் ஏழு. மறுபடியும் எண்ணினார். ஏழுதான். கிழவருக்கு வயதாகிவிட்டது, நினைவு பிசகிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். அந்த வாரமே கம்மல் திரும்பிப் போனது.

கிழவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பிசகியது அச்சில்.

பக்கத்து மேசை ரவ்ஷான் தேநீர்க் கோப்பையோடு வந்து எட்டிப் பார்த்தாள். காப்பகத்தில் இருபத்திரண்டு ஆண்டு வேலை பார்த்தவள். அவன் பதிவேட்டையும் புத்தகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். அவளே படித்துக்கொண்டாள்.

"அடப்பாவி," என்றாள்.

"ஆமா அக்கா."

"அந்தப் பொண்ணுக்கு இந்த ஞாயித்துக்கிழமை வேற எடத்துல இருந்து கம்மல் போட வர்றாங்க. தெரியுமா உனக்கு? நகரத்துல பல் டாக்டராம் பையன். ஜக்ஸிலிக் ஆடுகூடப் பார்த்து வச்சிட்டாரு."

"தெரியாது."

"உனக்கு எதுதான் தெரியுது? செத்தவங்களை மட்டும்தான் நல்லாத் தெரியும்." கோப்பையை அவன் முன்னால் வைத்தாள். "குடி. மூஞ்சி வெளுத்துப் போச்சு. என்ன பண்ணப் போற? கட்டை மறுபடி கட்டி உள்ள வச்சிட்டா இன்னொரு எண்பது வருஷத்துக்கு யாரும் பிரிக்க மாட்டாங்க. நான் வாயைத் தொறக்க மாட்டேன்."

"நீங்களா?"

"சரி, ஒரு மாசம் தொறக்க மாட்டேன்."

அவன் பதிவேட்டின் பக்கத்தை நகலெடுத்தான்.

மறுநாள் மாலை ஒரின்பெக்கின் வீட்டுக்குப் போனான். பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது. பால் ஊற்றிய தேநீர் வந்தது, எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகள் வந்தன. அவர் மூக்குக் கண்ணாடியை மாட்டி நகலைப் பார்த்தார். கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"கையெழுத்துப் போட்டு முடிச்ச வேலைடா இது," என்றார்.

"ஆமா, ஓரெக்கே," என்றான் குவானிஷ், ஊரார் அவரை மரியாதையாகக் கூப்பிடும் பெயரால். "தப்பு என்னோடது. குழுவோடது இல்ல."

"அடுத்த பதிப்புல திருத்திக்கலாம்."

"அடுத்த பதிப்பு எப்ப?"

"வரும். பத்து வருஷத்துல, பன்னெண்டு வருஷத்துல."

"ஓரெக்கே, அந்தப் பொண்ணுக்கு ஞாயித்துக்கிழமை."

"தெரியும். எனக்கும் அழைப்பு இருக்கு." ஒரு உருண்டையை எடுத்துப் பாதியாகப் பிட்டார், தின்னவில்லை. "இங்க பாரு. ஒரு குடும்பம் ஒரு தடவை சங்கடப்பட்டு இப்பத்தான் எழுந்து நிக்குது. நீ போய்த் தள்ளி விடப் போறியா? அது ஒண்ணு. இன்னொண்ணு, செயித்கலி தன் வாயால சொன்னாரு, முசாபாய் மகன்னு. அந்த மனுஷனைப் பேரன்னு எழுத நீ யாரு? எண்பத்தொம்பது வயசுல ஒருத்தருக்கு அப்பாவை மாத்துவியா? முதல்ல அவரைக் கேளு. அவர் வேணாம்னா வேணாம்தான். அதுக்குள்ள ஞாயிறும் கழிஞ்சிடும்."

இரண்டாவது சொன்னது நியாயம் என்று குவானிஷுக்குப் பட்டது. வரி கிழவருடையது. அவரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

"அவரைக் கேக்கறேன். ஆனா ஞாயித்துக்கு முன்னாடி கேக்கறேன். அதுக்கப்புறம் சொன்னா அதுக்குப் பேரு திருத்தம் இல்ல, வதந்தி."

"வாய் மட்டும் இருக்கு," என்றார் ஒரின்பெக். ஆனாலும் எழுந்து வாசல்வரை வந்தார்.

வியாழக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு செயித்கலியின் ஊருக்குக் கிளம்பினான். நாற்பது கிலோமீட்டர். பாதை முழுக்க உருகும் பனியும் சேறும். ஓர் இடத்தில் கார் சிக்கிக்கொண்டது. இறங்கித் தள்ளினான். கிழவரின் மகன் துலாத் குதிரைகளைப் பார்க்கப் போயிருந்தார். மருமகள் கதவைத் திறந்தாள். அவள்தான் அலிபியின் அம்மா.

செயித்கலி ஜன்னலோரம் உட்கார்ந்து வானொலி கேட்டுக்கொண்டிருந்தார். கண் பார்வை போய்க்கொண்டிருந்தது. காது நன்றாக இருந்தது.

"யாரு? புத்தகக்காரனா?"

"நான்தான் தாத்தா. குவானிஷ்."

"உக்காரு. இன்னும் யாராவது விட்டுப்போச்சா?"

குவானிஷ் ஒருவழியாகச் சொல்லி முடித்தான். பதிவேட்டில் இருப்பதைச் சொன்னான். தான் எழுதியதையும் சொன்னான். கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கேட்கவில்லை என்றான். மருமகள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவள் கெண்டியைச் சாய்த்தபடியே நின்றுவிட்டாள். கோப்பை வழிந்தது.

கிழவருக்கு ஆச்சரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? நீ யார் மகன்னு கேட்ட. என்னைத் தோள்ல தூக்கிட்டுத் திரிஞ்சவரு பேரைச் சொன்னேன். வேற யாரைச் சொல்ல? கல்யாணத்துக்கு எண்ணும்போது மட்டும் ரத்தத்தை எண்ணணும். அது வேற கேள்வி." வலது கையை மடியிலிருந்து எடுத்து விரல் விரலாக மடக்கினார். "துலாத், நான், கஸீம், முசாபாய், பெக்பாவ், ஜானுஸாக், குல்ஷிமான், தோலிபாய். பையனுக்கு எட்டு. அப்பவே சொன்னேனே."

"புத்தகத்துல ஏழாப் போச்சு தாத்தா. அதனாலதான் பொண்ணு வீட்டுல கம்மலைத் திருப்பினாங்க."

விரல்கள் மடங்கியபடியே நின்றன. முகம் மருமகள் இருந்த பக்கம் திரும்பியது.

"பொண்ணுக்குப் படிக்கப் போகணுமாம், அதான் வேணாம்னுட்டாங்கன்னு சொன்னீங்க."

"மாமா..." என்றாள் அவள். "நீங்க தப்பா எண்ணிட்டீங்கன்னு ஊர்ல பேசினாங்க. உங்க காதுல விழ வேணாம்னு உங்க மகன்தான்..."

"எட்டு மாசமா நான் பைத்தியக்காரன்னு ஊருக்கே தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. நல்லா இருக்கு."

வானொலியை அணைத்தார்.

"அந்தப் பக்கத்தைப் படி," என்றார் குவானிஷிடம். "எனக்குக் கண்ணு தெரியாது. புத்தகம் வந்தன்னிக்கு அட்டையைத் தடவிப் பார்த்ததோட சரி."

குவானிஷ் படித்தான். முசாபாய்க்கு மகன்கள் இருவர். கஸீம் போரில் இறந்தார். சந்ததி இல்லை.

"மறுபடி படி. கடைசி ரெண்டு சொல்லை."

"சந்ததி இல்லை."

கிழவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது வெளிச்சம் மட்டும்தான்.

"போகும்போது அவருக்கு இருபத்தேழு வயசு," என்றார். "அண்ணான்னு கூப்பிட்டுக்கிட்டே வண்டி பின்னால ஓடினேன். அண்ணான்னுதான் சொல்லிக் குடுத்திருந்தாங்க."

பிறகு சொன்னார்: "எழுது. கஸீம் மகன் செயித்கலின்னு எழுது. வளர்த்தது முசாபாய்னு அதையும் எழுது. ஒண்ணை எழுதி ஒண்ணை விட்டா கையை ஒடிப்பேன்."

"ரெண்டையும் எழுதறேன்."

"அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா?"

"இன்னும் இல்ல தாத்தா. உங்ககிட்ட முதல்ல..."

"என்கிட்ட என்ன அவசரம்? எனக்குத் தெரிஞ்ச விஷயத்தை எனக்குச் சொல்ல நாப்பது கிலோமீட்டர் சேத்துல வந்திருக்கான் பாரு!" மருமகளுக்கு விரலை ஆட்டினார். "நீ பையனுக்கு ஃபோன் பண்ணாத. அந்தப் பொண்ணுக்கு முதல்ல தெரியட்டும். அப்புறம் அவ இஷ்டம்."

மாலை திரும்பும்போது நகரத்துக்கு வெளியே பாலத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டது. கார் வரிசை நகர்ந்தபோது தொல்கனாய் வேலை பார்க்கும் மருந்துக்கடை மூடியிருந்தது.

வெள்ளிக்கிழமை கடை திறக்கும்போதே போய் நின்றான். தொல்கனாய் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். காதில் ஒன்றும் இல்லை.

"என்ன வேணும்?"

"மருந்து இல்ல. நான் குவானிஷ். அந்தப் புத்தகத்தைத் தொகுத்தவன்."

"தெரியும். அட்டைக்கு உள்ள உங்க படம் இருக்கே. பெரியப்பா அது மேல கோப்பையை வச்சு வச்சு வட்டம் விழுந்திருக்கு."

அவன் நின்றபடியே சொன்னான். எதையும் சுற்றி வளைக்கவில்லை. நகலைக் கண்ணாடி மேசைமேல் வைத்தான். ஒரு வாடிக்கையாளர் இருமல் மருந்து கேட்டு வந்தார். அவள் எடுத்துக் கொடுத்து, எத்தனை கரண்டி என்று விளக்கி, அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தாள்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு வெள்ளி. வேற யாருக்கெல்லாம் தெரியும்?"

"என்கூட வேலை பார்க்கற ரவ்ஷான் அக்காவுக்கு. ஒரின்பெக்குக்கு. செயித்கலி தாத்தாவுக்கு. அலிபியோட அம்மாவுக்கு."

அவள் விரலில் எண்ணினாள். "நாலு பேரு. நான் அஞ்சாவது."

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை கம்மல் குத்திக்கப் போறது எந்தக் காது? அவங்க காதா, என் காதா?"

"உங்களுக்குத்தான் முதல்ல சொல்லியிருக்கணும். குறைஞ்சது தாத்தாவைக் கேட்ட கையோட. முறைன்னு நெனச்சுச் சுத்திட்டேன். அதுவும் என் தப்புதான்."

இன்னும் ஏதாவது சொல்வான் என்று எதிர்பார்த்தவள்போல அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசமா அவனை அண்ணன்னு நெனச்சுப் பழகினேன்," என்றாள். "கஷ்டமான வேலை அது. பாதிகூட முடியல." நகலை மடித்துக் கோட்டுப் பையில் போட்டாள். "அலிபிக்கு?"

"தெரியாது. நீங்க சொல்றதா இருந்தா..."

"நான் சொல்லிக்கறேன். இப்ப இல்ல. கம்மலைத் திருப்பினப்போ அவன்தான் வாசல்ல வந்து வாங்கிக்கிட்டான். ஏழுன்னாங்க, சரின்னுட்டான். ஒரு தடவை எண்ணிக்கூடப் பார்க்கல. அவங்க தாத்தா எட்டுன்னு சொன்னதை நான்தான் ஞாபகப்படுத்தினேன். அப்பவும் சரின்னுட்டான்."

"ஞாயித்துக்கிழமை?"

"பெரியப்பாகிட்ட வாய்ப்பேச்சு செல்லாது. அச்சடிச்சதுதான் செல்லும். நாளைக்கு நீங்க வீட்டுக்கு வரணும். அந்தப் பதிவேட்டு நகலோட, உங்க கையெழுத்தோட. வந்து என் முன்னாடி சொல்லணும்."

"வர்றேன்."

"பல் டாக்டர் வீட்டுக்கு நானே பேசறேன். பாவம், அவன் நல்லவன். என் பல்லைப் பத்தி மட்டும்தான் பேசினான்."

சனிக்கிழமை ஜக்ஸிலிக் வீட்டுக் கொட்டிலில் கொழுத்த ஆடு ஒன்று தனியாகக் கட்டியிருந்தது. அவர் நகலை வாங்கவில்லை. முதலில் புத்தகத்தைக் கொண்டுவரச் சொன்னார். பிறகு பென்சிலை. போன ஆகஸ்டில் அவர் போட்ட சின்னச் சின்ன எண்கள் பெயர்களுக்கு மேல் அப்படியே இருந்தன. நகலையும் குவானிஷ் எழுதிக் கையெழுத்திட்ட தாளையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பெயராக நிறுத்தி எண்ணினார். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பென்சில் நின்றது.

"இது யாரோட தப்பு?"

"என்னோடது."

"அந்தக் கிழவரை நான் மறதிக்காரர்னு சொன்னேன். பத்துப் பேர் முன்னாடி."

அந்தக் கணக்கு அவர் எண்ண வேண்டியது.

"நாளைக்கு ஆடு வேற புடிச்சு வச்சிருக்கேன்," என்றார் ஜக்ஸிலிக், யாரிடம் என்று தெரியாமல்.

"அவுத்து விடுங்க பெரியப்பா," என்றாள் தொல்கனாய், கதவருகே நின்றபடி. "அதுவாவது பொழச்சுப் போகட்டும்."

அவர் பழைய எண்களை அழிக்கவில்லை. அவற்றின் பக்கத்தில் புதிதாக எழுதினார், ஒன்றிலிருந்து எட்டு வரை. பிறகு தொலைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எந்த வீட்டுக்குப் பேசினார் என்று குவானிஷ் கேட்டுக்கொள்ளவில்லை.

அடுத்த வாரம் முழுக்க அவன் புத்தகத்தை முதலிலிருந்து பார்த்தான். தாத்தா வளர்த்த பிள்ளை என்று சந்தேகப்படும்படி இன்னும் இரண்டு இடம் இருந்தது. இரண்டு வீட்டுக்கும் போய், "பெற்றவர் யார், வளர்த்தவர் யார்?" என்று இரண்டு கேள்வியும் கேட்டான். ஒன்று சரியாகவே இருந்தது. இன்னொன்று இல்லை. அங்கே யாருடைய கல்யாணமும் அதில் தொங்கவில்லை, ஆனாலும் அந்த வீட்டாரைக் கேட்டுச் சேர்த்துக்கொண்டான். செயித்கலி வழியில் வந்த பதினேழு பேர் ஒரு படி கீழே இறங்கினார்கள். எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் அடக்கி நானூறு அச்சடித்தான். அடியில், தொகுத்தவரின் பிழை என்று போட்டுத் தன் பெயரை எழுதினான்.

அச்சுக்குப் போகும் முன் ஒரின்பெக் வந்தார். ஊரில் பேச்சு நல்லபடியாக இருந்தது அவர் காதுக்கு எட்டியிருந்தது.

"'குழுவின் சார்பில்'னு ஒரு வரி சேத்துக்கோ."

"தப்புல குழுவுக்குப் பங்கு இல்லையே ஓரெக்கே."

"திருத்தத்துல இருக்கட்டுமேடா."

அவன் சேர்க்கவில்லை. ஆனால் விருந்தில் புத்தகம் வாங்கியவர்களின் பட்டியலை அவரிடமிருந்துதான் வாங்கினான். பட்டியலில் இருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் துண்டுத்தாள் போனது. தபாலில் சில, கையில் பல. நூலகப் பிரதிகளில் அவனே போய் ஒட்டினான். செயித்கலியின் பிரதியில் ஒட்டியபோது கிழவர் விரலால் தாளின் ஓரத்தைத் தடவிப் பார்த்தார். "கோணலா ஒட்டியிருக்க," என்றார்.

மே மாதம் மருந்துக்கடைக்குப் போனான். தொல்கனாய்க்கென்று தனியாக ஒரு பிரதி உண்டு, அதில் மட்டும் இன்னும் ஒட்டவில்லை. கடைக்கு எதிரே அலிபியின் கார் நின்றது. அவன் காருக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு, தேர்வுக்கு வந்தவன்போல நின்றான்.

"உள்ள போகலையா?" என்று கேட்டான் குவானிஷ்.

"இன்னிக்கு நாலாவது நாள் அண்ணே. எட்டுப் பேரையும் வரிசையா, ஒரே மூச்சுல, பார்க்காம சொல்லணுமாம். சொன்னாத்தான் பேசுவாளாம்."

"சொல்ல வேண்டியதுதானே?"

"அஞ்சாவதுல சிக்கிக்குது. நேத்து பெக்பாவை விட்டுட்டு ஜானுஸாக்குக்குத் தாவிட்டேன். போயிட்டு வான்னு அனுப்பிட்டா."

குவானிஷ் பையிலிருந்து துண்டுத்தாள் ஒன்றை எடுத்து நீட்டினான். அலிபி வாங்கவில்லை.

"வேணாம். பார்த்தா கண்டுபிடிச்சிடுவா."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தொல்கனாய் ஒரு பெட்டியைப் பிரித்து மருந்துகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. அலிபி மூச்சை இழுத்துக்கொண்டு கதவைத் தள்ளினான். மேலே கட்டியிருந்த மணி அடித்தது.

"துலாத்," என்றான். "செயித்கலி. கஸீம்."

குவானிஷ் கதவைப் பிடித்துக்கொண்டு, அவன் முடிக்கட்டும் என்று வாசலிலேயே நின்றான்.